பீஸ் ரேட் வேலையில் ரிஜெக்ட்டுக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

“வணக்கம் அண்ணே. பிறையில் ஒரு கார்மென்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் ஏற்றுகிறேன். ஒரு பீஸுக்கு 32 காசு. ரிஜெக்ட் ஆனால் அந்த 32 காசும் இல்லை, மேலே 1 வெள்ளி 20 காசு பிடிக்கிறார்கள். போன மாதம் 26 நாளும் போய் 5,900 பீஸ் தைத்தேன். 236 ரிஜெக்ட் என்று சொல்லி, ஈபிஎஃப் கழிக்கும் முன்பே 1,529 வெள்ளி 28 காசுதான் காட்டியிருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது இதற்குக் கையெழுத்தும் போட்டேன். இப்படிப் பிடிக்கலாமா? எனக்கு எவ்வளவு வரவேண்டும்?”

தங்கச்சி, அந்த 1 வெள்ளி 20 காசைப் பிடிக்க முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் முடியாது. ரிஜெக்ட் பீஸுக்கு 32 காசு தராமல் விடுவது வேறு விஷயம். அது உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கம்பெனி இரண்டையும் சேர்த்து ‘ரிஜெக்ட்’ என்று ஒரே வரியில் கழித்துவிடுவதால்தான் எது சரி, எது தப்பு என்று பிடிபடாமல் போகிறது. நான் பினாங்கில் பல வருடம் தையல் லைனிலும் அதன் பிறகு சம்பளக் கணக்கிலும் இருந்தவன். உங்கள் சம்பளச் சீட்டை நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேனோ அப்படியே சொல்கிறேன்.

5,900 பீஸுக்கு 32 காசு என்றால் 1,888 வெள்ளி. அதில் 236 பீஸுக்குக் கூலி இல்லை என்று விட்டால் 75 வெள்ளி 52 காசு குறைந்து 1,812 வெள்ளி 48 காசு வரும். அதே 236 பீஸுக்கு 1.20 வீதம் அபராதம் போட்டால் இன்னொரு 283 வெள்ளி 20 காசு போய்விடும். அப்போதுதான் உங்கள் சீட்டில் இருக்கும் 1,529.28 வருகிறது. ஆகவே கம்பெனி கூட்டல் கழித்தலில் தப்புச் செய்யவில்லை. அந்த 283 வெள்ளி 20 காசை எந்த உரிமையில் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

இந்த அபராதம் எவ்வளவு கனமானது என்பது வேலை செய்கிறவருக்குச் சட்டென்று தெரியாது. நூற்றுக்கு 4 பீஸ்தானே ரிஜெக்ட், சம்பளமும் நூற்றுக்கு 4 தானே குறையும் என்று தோன்றும். ஆனால் உங்களுக்குக் குறைந்தது 19 சதவீதம். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் கூலி 32 காசு, அபராதம் 1.20, இரண்டும் சேர்த்து 1 வெள்ளி 52 காசு போகிறது. அதைத் திரும்பச் சம்பாதிக்க நல்ல பீஸ் கிட்டத்தட்ட 5 தைக்க வேண்டும். இதையே சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
சம்பளம் = தைத்த பீஸ் × (ரேட் − ரிஜெக்ட் விகிதம் × (ரேட் + அபராதம்))
        = 5,900 × (0.32 − 0.04 × (0.32 + 1.20))
        = 5,900 × 0.2592
        = 1,529.28
```

பேச்சுக்குத்தான் 32 காசு ரேட். போன மாதம் உங்களுக்கு உண்மையில் கிடைத்த ரேட் 26 காசுக்கும் கொஞ்சம் குறைவு. வேலைக்கு எடுக்கும்போது ரேட்டை மட்டும் சொல்லி, அபராதத்தைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. புதிதாக எங்காவது சேருகிறவர்கள், சராசரியாக எத்தனை சதவீதம் ரிஜெக்ட் ஆகிறது என்று லைனில் உள்ளவர்களிடம் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

இனி சட்டம். மலேசியாவில் இதற்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டத்தில் சொன்ன வகையில் தவிர வேறு எந்த வகையிலும் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது. பிறகு எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சொல்கிறது. கடந்த 3 மாதத்துக்குள் கம்பெனி தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால் கட்ட வேண்டிய தொகை, நீங்கள் வாங்கிய முன்பணம், ஈபிஎஃப், சொக்சோ மாதிரி மற்றச் சட்டங்கள் பிடிக்கச் சொல்பவை ஆகியவற்றைக் கம்பெனி தானாகப் பிடிக்கலாம். தொழிற்சங்கச் சந்தாவுக்கு நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். தங்குமிடம், சாப்பாடு போன்றவற்றுக்கு நீங்கள் எழுதிக் கேட்பதோடு தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் வேண்டும். வேலை தரமாக இல்லை என்பதற்கு அபராதம் போடலாம் என்று அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை.

கையெழுத்துப் போட்டதை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சட்டம் தருவதைவிடத் தொழிலாளிக்குக் குறைவாகத் தரும் ஒப்பந்த விதி செல்லாது என்கிறது. ‘நீதானே ஒத்துக்கொண்டாய்’ என்று சூப்பர்வைசரோ எச்.ஆரோ சொன்னால், ஒத்துக்கொண்டதாலேயே அது சட்டமாகிவிடாது என்பது உங்கள் பதில். மலேசியரா, தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவரா என்ற வித்தியாசமும் இதில் கிடையாது. உங்கள் லைனில் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்களிடம்தான் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

தராமல் விட்ட 32 காசு இவ்வளவு தெளிவான விஷயம் இல்லை. ‘கியூசி ஏற்றுக்கொண்ட பீஸுக்கே கூலி’ என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ரிஜெக்ட் பீஸுக்குச் சம்பளமே பிறக்கவில்லை, பிறக்காததை எப்படிப் பிடித்ததாகச் சொல்வீர்கள் என்று கம்பெனி வாதிடும். அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. ‘தைத்த பீஸுக்குக் கூலி’ என்று மட்டும் எழுதியிருந்தால் 32 காசும் உங்களுடையதுதான், அதை எடுப்பதும் பிடித்தம்தான். அதனால் இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்து அந்த ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். உங்களிடம் நகல் இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இதற்கெல்லாம் அடியில் குறைந்தபட்சச் சம்பளம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பள ஆணைப்படி 5 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளி. அதைவிடச் சிறிய இடங்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இலிருந்து வந்துவிட்டது. அடிப்படைச் சம்பளம் இல்லாமல் பீஸ் ரேட்டில் மட்டும் வாங்குகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் 1,700-க்குக் குறையக் கூடாது என்று அந்த ஆணையிலேயே தனியாகச் சொல்லியிருக்கிறது. ‘பீஸ் ரேட் ஆளுக்கு மினிமம் கிடையாது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் 26 நாளும் போயிருக்கிறீர்கள். ஆக 1,529 என்ற தொகை 24-ஆம் பிரிவை மட்டும் மீறவில்லை, இந்த ஆணையையும் மீறுகிறது.

உங்கள் கேள்விக்கு எண்ணில் பதில் இதுதான். ஒப்பந்தம் கம்பெனிக்குச் சாதகமாக இருந்தால் 1,812.48, உங்களுக்குச் சாதகமாக இருந்தால் 1,888. எப்படியும் 283 வெள்ளி 20 காசு பாக்கி. இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். ஈபிஎஃப் கணக்கை 1,529-க்குப் போட்டிருந்தால் அதிலும் குறைத்திருக்கிறார்கள். உங்கள் 11 சதவீதமும் கம்பெனியின் 13 சதவீதமும் சேர்ந்து, அந்த 283-க்கு மாதம் சுமார் 68 வெள்ளி உங்கள் கணக்கில் ஏறாமல் போயிருக்கும். மாதச் சம்பளத்தைப் பார்த்தே ஓய்ந்துபோகிறோம், ஈபிஎஃப் கணக்கைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒரு வருடத்துக்கு இது 800 வெள்ளிக்கு மேல்.

இப்போது அந்த 236-க்கு வருவோம். இதைத்தான் நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் ரிஜெக்ட் என்று வந்ததுமே அது தைத்தவரின் தப்பு என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். காலர் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் வெட்டுகிறவர், உள்ளே பேஸ்டிங் துணியைச் சூடு வைத்து ஒட்டுகிறவர், காலரைத் தைத்துத் திருப்புகிறவர் என்று பல கைகள் தாண்டி வருகிறது. அங்கே நடந்த குறை உங்கள் மேசையில்தான் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் சட்டையோடு காலர் சேருவது உங்கள் இடத்தில்தான்.

எது யாருடையது என்று குறையைப் பார்த்தே சொல்லலாம். காலருக்கும் உடம்புத் துணிக்கும் நிறம் லேசாக மாறியிருந்தால், இரண்டிலும் ஒட்டியிருக்கும் நம்பர் ஸ்டிக்கரைப் பாருங்கள். துணியை அடுக்கு அடுக்காக விரித்து வெட்டும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர் கொடுப்பார்கள், ஒரே அடுக்கின் துண்டுகள் ஒரே சட்டையில் சேரவேண்டும் என்பதற்காக. நம்பர் ஒன்றாக இருந்தும் நிறம் மாறினால் துணியிலோ நம்பர் ஒட்டியதிலோதான் கோளாறு. நம்பர் வேறாக இருந்தால் பண்டல் எங்கே கலந்தது என்று பார்க்க வேண்டும். உங்களிடம் கட்டுப் பிரியாமல் வந்த பண்டலிலேயே கலந்திருந்தால் அது உங்கள் கணக்கில் வராது. காலரின் மேல்பக்கம் குமிழ் குமிழாக எழும்பியிருந்தால் பேஸ்டிங் ஒட்டும் மிஷினின் சூடோ அழுத்தமோ சரியில்லை, தையலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தையல் விட்டுப்போவது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு தையல் விட்டிருப்பதைக் கியூசி பார்த்தால் உங்கள் பேரில்தான் எழுதுவார். முதலில் ஊசியை மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் நின்றுவிட்டால் ஊசி மழுங்கியது காரணம். புது ஊசி போட்டும், தடிமனான இடம், மெல்லிய இடம் என்று பார்க்காமல் நேர்த் தையலிலேயே விட்டுக்கொண்டிருந்தால் பெரும்பாலும் மிஷினின் ஹூக் டைமிங் தப்பியிருக்கும், அதை மெக்கானிக்தான் சரிசெய்ய முடியும். எண்ணெய்க் கறை தையல் கோட்டை ஒட்டியே திரும்பத் திரும்ப வந்தால் ஊசிக் கம்பி வழியாக எண்ணெய் கசிகிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்ட நேரத்தை எழுதி வையுங்கள். காலையில் 9 மணிக்குச் சொல்லி அவர் மதியம் 2 மணிக்கு வந்தார் என்றால், இடையில் விழுந்த ரிஜெக்ட்டுக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

காலரின் இரண்டு முனையும் ஏற்றத்தாழ்வாக நிற்பது, கழுத்து வளைவில் சுருக்கம் விழுவது, மூடும் தையல் கோட்டை விட்டு ஓடுவது, இவைதான் பெரும்பாலும் கைக்குறை. அதிலும் இரு பக்க முனையும் எல்லாப் பீஸிலும் ஒரே அளவு தப்பினால் வெட்டில் போட்ட நாட்ச் குறி தப்பு. பீஸுக்குப் பீஸ் மாறினால்தான் அது கை. உங்கள் 236-ஐ இப்படிப் பிரித்தால் என்ன வரும் என்று தெரியாது. ஒரு பேச்சுக்கு 61 நிறமும் குமிழும், 88 தையல் விட்டதும் எண்ணெயும், மிச்சம் 87 கைக்குறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,900-க்கு 87 என்றால் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. ஒரு பீஸுக்கு 2 நிமிடம்கூட இல்லாத வேகத்தில் காலர் ஏற்றுகிறவருக்கு அது நல்ல கை.

ரிஜெக்ட் பீஸ் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் கவனியுங்கள். காலர் குறையில் பெரும்பகுதி பிரித்துத் திரும்பத் தைக்கக்கூடியது. பிரித்துத் தைத்து, கியூசி பாஸ் பண்ணி, அது நல்ல சட்டையாகப் பெட்டியில் போனால், அந்தப் பீஸை ரிஜெக்ட் என்று கணக்கில் வைத்திருக்கவே நியாயம் இல்லை. பிரித்துத் தைத்தது நீங்கள்தான் என்றால் 32 காசு கேட்க உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. பல இடங்களில் காலையில் போட்ட ரிஜெக்ட் எண்ணிக்கையைச் சாயங்காலம் பாஸ் ஆனதும் அழிப்பதில்லை, அது அப்படியே சம்பளக் கணக்குக்குப் போய்விடுகிறது.

இந்தத் திருத்த வேலையை வேலை நேரம் முடிந்து இருந்து செய்யச் சொன்னால் அதுவும் வேலைதான். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்குச் சாதாரண வேலை நேரம் 45 மணி. தினசரி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம், அதற்கு மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு. எந்த அடிப்படையில் சம்பளம் வாங்கினாலும் இது உண்டு என்று சட்டமே சொல்கிறது. பீஸ் ரேட் ஆளுக்கு மணிக்கூலி எப்படி வரும் என்றால், முந்தின மாதம் சம்பாதித்ததை வேலை செய்த நாளால் வகுத்து, அதை ஒரு நாள் வேலை நேரத்தால் வகுக்க வேண்டும். 1,812.48-ஐ 26-ஆல் வகுத்தால் 69.71, அதை ஏழரை மணியால் வகுத்தால் 9.29, ஒன்றரை மடங்கு 13 வெள்ளி 94 காசு. சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து தையல் பிரித்துக்கொடுத்தால் நீங்கள் விட்டுக்கொடுப்பது அவ்வளவு.

என்ன செய்வது என்றால், முதலில் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தேதி, பண்டல் நம்பர், தைத்தது எத்தனை, ரிஜெக்ட் எத்தனை, என்ன குறை, திருத்திப் பாஸ் ஆனது எத்தனை, இவ்வளவு போதும். பண்டல் டிக்கெட்டைக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, கம்பெனி கைபேசியை உள்ளே விடாவிட்டால் டிக்கெட்டின் உங்கள் பங்கைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் கூலி தராத தொகையையும் அபராதத்தையும் தனித்தனி வரியில் போட்டுத் தரும்படி எச்.ஆரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். தொழிலாளர் பதிவுகளைக் கம்பெனி 6 வருடம் வைத்திருக்க வேண்டும், ஆகவே பழைய மாதக் கணக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எச்.ஆர். அசையவில்லை என்றால் தொழிலாளர் இலாகா, மலாயில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா. நேரில் போகலாம், Working for Workers என்ற செயலியிலும் புகார் போடலாம். சம்பளப் பாக்கிக் கோரிக்கையை 69-ஆம் பிரிவின் கீழ் அவர்களே இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, நோட்டு நான்கையும் எடுத்துப் போங்கள். போய் ‘ரிஜெக்ட்டுக்கு அநியாயமாகப் பிடிக்கிறார்கள்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘24-ஆம் பிரிவில் இல்லாத பிடித்தம், மாதம் 283 வெள்ளி 20 காசு, இத்தனை மாதம்’ என்று சொல்லுங்கள். லைனில் நாலைந்து பேர் சேர்ந்து போனால் கம்பெனியின் ரிஜெக்ட் பதிவை மொத்தமாகக் கேட்டு வாங்க இலாகாவுக்கு எளிது.

புகாருக்குப் பிறகு கம்பெனி ஒன்று செய்யக்கூடும். அபராதத்தை எடுத்துவிட்டு, ரேட்டை 29 காசாக இறக்கி, ரிஜெக்ட் 2 சதவீதத்துக்குள் இருந்தால் தரப் போனஸ் என்று புது ஒப்பந்தம் நீட்டுவார்கள். சம்பாதித்த சம்பளத்தில் கை வைக்காமல் போனஸாகத் தருவதை 24-ஆம் பிரிவு தடுக்காது. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் ரேட்டை இறக்க முடியாது. கையெழுத்துப் போடும் முன் மேலே உள்ள சூத்திரத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 5,900 பீஸுக்கு 3 காசு குறைந்தால் 177 வெள்ளி, அதற்கு ஈடாகப் போனஸ் வருகிறதா, மிஷின் குறையும் துணிக்குறையும் அந்த 2 சதவீதத்தில் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால், திரும்ப வேலையில் சேர்க்கும்படி தொழில் உறவு இலாகாவில் கோரிக்கை வைக்கலாம். அதற்கு நிறுத்திய நாளிலிருந்து 60 நாள்தான் அவகாசம்.